ஆலோசகரின் சுயவிவரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

"அண்ணா, ஸ்காபரோவுக்கு வந்து சில மாதங்கள்தான். ஊரிலுள்ள மனைவியை ஸ்பொன்சர் செய்ய வேண்டும். ஒரு குடிவரவு ஆலோசகரின் சுயவிவரத்தில் 'விசா, மாணவர் அனுமதி, அகதி வழக்கு, ஸ்பொன்சர் எல்லாம் செய்து தருவோம், வெற்றி உறுதி, வட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளுங்கள்' என்று போட்டிருக்கிறது. நம்பிப் பணம் கட்டலாமா?"

தம்பி, நீங்கள் எழுதியதில் உரிம எண்ணைக் காணவில்லை. சுயவிவரத்திலும் இல்லையென்றால் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். கனடாவில் பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு விண்ணப்பத்தில் ஒருவரைப் பிரதிநிதித்துவப்படுத்த, சட்டத்தரணிகளும் அவர்களைப் போல் மாகாணச் சட்டச் சங்கங்களின் அனுமதி பெற்றவர்களும் தவிர, குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்களின் கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு. அந்த உரிம எண் R என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கங்களோடு இருக்கும். 2021 முதல் இயங்கும் அந்த அமைப்பின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. பெயரையோ எண்ணையோ இட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா, இடைநிறுத்தப்பட்டதா என்று தெரிந்துவிடும். வேறொருவருடைய எண்ணைத் தம்முடையதாகப் போட்டுக்கொள்வோரும் உண்டு என்பதால், சுயவிவரத்திலுள்ள தொலைபேசியை விட்டுப் பதிவேட்டில் கிடைக்கும் தொடர்பு விவரத்தின் வழியாகவே அழைத்து, அதே ஆள்தானா என்று கேளுங்கள்.

அடுத்தது, அவர் பட்டியலிட்டிருக்கும் சேவைகள். எல்லா உரிமமும் ஒன்றல்ல. அகதிகள் சபையின் விசாரணையில் உங்களுக்காகப் பேச ஆலோசகருக்கு அதற்கென்று தனி வகை உரிமம் வேண்டும். மாணவர் ஆலோசகர் என்ற மட்டுப்பட்ட உரிமம் வைத்திருப்பவர் உங்கள் மனைவியின் கோப்பைத் தொடவே முடியாது. பதிவேடு உரிம வகையையும் காட்டும். "வெற்றி உறுதி" என்ற சொல்லைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை: முடிவெடுப்பவர் அரசாங்க அதிகாரி, ஆகவே அப்படி உறுதி கொடுக்க ஒழுக்கவிதிகள் ஆலோசகரை அனுமதிப்பதில்லை.

யாருக்காக வேலை செய்கிறார் என்ற பகுதியையும் கவனியுங்கள். "குடும்பங்கள், மாணவர்கள், தொழிலதிபர்கள்" என்ற பொது வரியால் உங்களுக்குப் பயனில்லை. துணைவர் கனடாவுக்கு வெளியே இருக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பங்களைச் செய்திருக்கிறாரா, திருமணம் உண்மையானது என்பதற்கு எவ்வகைச் சான்றுகளைக் கேட்பார் என்று நேரில் விசாரியுங்கள். தெரிந்தவர் உங்கள் திருமணத்தைப் பற்றித் திருப்பிக் கேள்விகள் கேட்பார். தெரியாதவர் கட்டணத்தைச் சொல்வார்.

தொடர்பு வட்ஸ்அப்பில் தொடங்குவதில் தவறில்லை, அங்கேயே முடியக் கூடாது. சேவை, கட்டணம், அரசாங்கக் கட்டணம் யார் கட்டுவது என்பவை எழுதப்பட்ட ஒப்பந்தம் கையொப்பமாக வேண்டும். பிரதிநிதியின் பெயரும் கையொப்பமும் உள்ள IMM 5476 படிவம் விண்ணப்பத்தோடு போக வேண்டும். "அந்தப் படிவம் தேவையில்லை, விண்ணப்பத்தை நீங்களே நிரப்பியதாக அனுப்புவோம்" என்பவர் மறைந்திருந்து வேலை செய்பவர். இப்படிப்பட்டவர்கள் உங்கள் பெயரில் தாங்களே ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்துவிடுவார்கள். குடிவரவுத் திணைக்களம் கூடுதல் ஆவணம் கேட்டு எழுதினால் அது உங்கள் கண்ணில் படாது, காலக்கெடு கடந்து கோப்பு மறுக்கப்படலாம். விண்ணப்பத்தில் பொய் எழுதப்பட்டிருந்தால், எழுதியது அவரே ஆனாலும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. தவறான தகவல் என்று தீர்மானமானால் உங்கள் மனைவிக்கு ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் வரத் தடை விழும். ஆகவே விண்ணப்பத்தில் போடும் மின்னஞ்சல் முகவரிகளின் கடவுச்சொற்கள் உங்கள் இருவர் கையில் இருக்கட்டும். அனுப்பிய முழுப் பிரதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.