பாம்பன் காத்துக்கு முதல்ல மைக்

"பாம்பன்ல மீன் சேனல் ஆரம்பிக்கிறேன். கையில 5000 ரூபாதான் இருக்கு. ட்ரைபாட், மைக், லைட் எது எது வாங்கலாம் அண்ணே?"

தம்பி, லைட்டை இப்போதைக்கு விட்டுருங்க. படகு கரைக்கு வர்ற காலை வெளிச்சமே போதும். வீட்டுக்குள்ள எடுத்தா ஜன்னல் பக்கம் உக்காந்து, எதிர்ல ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை நிறுத்துங்க.

காசை மைக்ல போடுங்க. வயர் வச்ச காலர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கும். உங்க போன்ல ஹெட்போன் ஓட்டை இல்லைன்னா டைப்-சி மாடலா கேட்டு வாங்குங்க. கூட வர்ற பஞ்சு உறை நம்ம கச்சான் காத்துக்குத் தாங்காது. பூனை முடி மாதிரி இருக்கிற ரோம உறை தனியா வாங்கணும். நான் அது இல்லாம ஒரு ஏலம் முழுக்க எடுத்தேன். வீட்டுல கேட்டா 'படபட'ன்னு காத்து மட்டும்தான், வஞ்சிரம் விலை ஒண்ணும் காதுல விழலை. அப்படிக் கிழிஞ்ச சத்தத்தை எடிட்டிங்ல மீட்க முடியாது. அதனால பத்து செகண்ட் எடுத்து, அங்கேயே ஹெட்போன்ல கேட்டுட்டு ஆரம்பிங்க.

ட்ரைபாட் 1500 ரூபாய்க்குள்ள போதும், நடுத்தண்டுல கொக்கி இருக்கணும். மணல் நிரப்பின பையை அதுல தொங்கவிட்டா சாயாது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால உப்பைத் துடைச்சுக் காயவைங்க, இல்லன்னா திருகு இறுகிரும். மிச்சக் காசுக்கு பவர் பேங்க்.