106-ஆ 186-ஆ? மீட்டர் படம் பார்த்துப் பதிவு எழுதுபவரிடம் கேட்டவை

சர்க்கரை நோய் கிளினிக் ஒன்றில் வேலை. நோயாளிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மீட்டர் படங்களைப் பார்த்து, டாக்டர் பார்க்கும் பதிவேட்டில் எண்ணை ஏற்றுகிறேன். படம் பார்த்து எழுதுவது பற்றி மட்டும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவின் மீட்டரைப் படம் எடுத்தேன். நடு எண்ணில் ஃப்ளாஷ் அடித்து வெள்ளையாகிவிட்டது. போன வாரம் முழுக்க 110 பக்கத்தில்தான் இருந்தது, அதனால் 106 என்று எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள். போன வாரத்து எண்ணை வைத்து இன்றைய எண்ணை நிரப்பினால், என்றைக்குச் சர்க்கரை ஏறுகிறதோ அன்றைக்கே பதிவு அதை மறைத்துவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீட்டர் திரையில் ஒவ்வொரு எண்ணும் ஏழு சின்னக் கோடுகளால் ஆனது: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, இடதில் மேலும் கீழுமாக இரண்டு, வலதிலும் அப்படியே இரண்டு. ஏழும் எரிந்தால் 8. நடுக்கோடு மட்டும் அணைந்தால் 0, வலது மேல் கோடு அணைந்தால் 6, இடது கீழ்க் கோடு அணைந்தால் 9. உங்கள் படத்தில் நடு எண்ணைச் சுற்றியுள்ள ஆறு கோடும் தெளிவாகத் தெரிகின்றன, ஃப்ளாஷ் விழுந்தது சரியாக நடுக்கோட்டின் மேல். ஆகவே அது 0 அல்லது 8, வேறு எதுவுமாக இருக்க முடியாது. முதல் எண்ணும் கடைசி எண்ணும் சந்தேகமில்லை. நான் இப்படித்தான் எழுதுவேன்:

```
1[0/8]6 mg/dL
```

இரண்டையும் கூட்டி வகுத்து 146 என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது மீட்டர் ஒருபோதும் காட்டாத எண். வெறும் கேள்விக்குறி போட்டு 1?6 என்று விட்டாலும் பாதித் தகவல் போய்விடும், ஏனென்றால் பத்தில் எட்டு எண்களை நாம் ஏற்கெனவே தள்ளிவிட்டோம்.

சரி, இப்போது மீட்டரை எடுத்து மெமரிக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான மீட்டர்களில் பழைய அளவுகள் இருக்கும். ஃப்ளாஷை அணைத்து, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள்.

அதே நபர்: மெமரியில் 186 என்று இருக்கிறது. முந்தின இரவு கல்யாணச் சாப்பாடு.

அப்போ 186, பக்கத்தில் ‘மெமரியிலிருந்து’ என்று ஒரு குறிப்பு. பழைய 1[0/8]6 வரியை அழிக்க வேண்டாம், எப்படித் திருத்தினோம் என்பது தெரியட்டும்.

கேள்வி: நான் லேபில் வேலை செய்கிறேன். மீட்டரே 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம் என்று விதியே இருக்கிறது. ஒரு எண் தெளிவில்லை என்பதற்கு இவ்வளவு அலட்டல் தேவையா?

விதி இருக்கிறது, நீங்கள் சொன்னது பாதி சரி. ISO 15197:2013 தரப்படி லேப் அளவு 100 mg/dL-உம் அதற்கு மேலும் இருந்தால் மீட்டர் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 100-க்குக் கீழே 15 mg/dL-க்குள். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவுகளில். இப்போ கணக்குப் பாருங்கள்: உண்மை அளவு 186 என்றால் நல்ல மீட்டர் ஏறத்தாழ 158-லிருந்து 214 வரை காட்டலாம். 106 அந்தப் பக்கமே வராது. நடு எண் மாறினால் அது மீட்டரின் பிழை இல்லை, நம் கண்ணின் பிழை.

கடைசி எண் என்றால் உங்கள் பக்கம் வருகிறேன். 180-ஆ 186-ஆ என்று தெரியவில்லை என்றால் சிகிச்சையில் பெரிதாக எதுவும் மாறாது. ஆனாலும் 18[0/6] என்றுதான் எழுதுவேன், ஏனென்றால் எது பெரிதில்லை என்று முடிவு செய்வது என் வேலை இல்லை.

கேள்வி: அம்மா அனுப்பிய படத்தில் 901 என்று இருக்கிறது. ஆம்புலன்ஸ் கூப்பிடப் போய்விட்டேன்!

படம் தலைகீழாக வந்திருக்கிறது, அது 106. நிறைய மீட்டர்கள் 600 mg/dL வரைதான் எண் காட்டும், அதற்கு மேல் HI என்று மட்டும் வரும். அதனால் 901 என்று பார்த்தவுடனே போனைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் எல்லாத் தலைகீழும் இப்படி மாட்டிக்கொள்ளாது. 66 தலைகீழாகப் பார்த்தால் 99. ஒன்று உடனே ஏதாவது சாப்பிட வேண்டிய தாழ்ந்த சர்க்கரை, இன்னொன்று நிம்மதியாக இருக்கலாம் என்ற அளவு. இரண்டுமே நம்பும்படியான எண்கள். அதனால் நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் mg/dL என்ற எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். எண்ணை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கெஞ்சுவதும் இதனால்தான், வெட்டிய படத்தில் 66-க்கும் 99-க்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியாது.

கேள்வி: நான் பினாங்கில் இருக்கிறேன். சென்னையில் உள்ள டாக்டருக்குப் படம் அனுப்பினேன், அவருடைய ஆள் 126 என்று எழுதிவிட்டார். என் மீட்டர் 12.6 காட்டியது.

புள்ளி மிகச் சின்னது, மங்கலான படத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். இந்தியாவில் mg/dL, மலேசியாவில் mmol/L. mmol/L-ஐ 18-ஆல் பெருக்கினால் mg/dL கிடைக்கும், ஆக உங்கள் 12.6 என்பது சுமார் 227. அவர் எழுதிய 126-க்கும் அதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

mmol/L மீட்டர் எப்போதும் புள்ளியோடு காட்டும், mg/dL மீட்டர் முழு எண்ணாகவே காட்டும். புள்ளி தெரியவில்லை, அலகும் படத்தில் இல்லை என்றால் 126 என்று எழுதி அலகுக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று போடுவேன். நோயாளி இந்தியாவில்தானே இருக்கிறார், mg/dL-ஆகத்தான் இருக்கும் என்று நிரப்ப மாட்டேன், மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த மீட்டர் எத்தனை வீட்டில் இருக்கிறது! இன்னொன்று, திரையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். மாற்றிய அளவு வேண்டுமென்றால் பக்கத்தில் தனிக் கட்டம். மாற்றியதை மட்டும் எழுதினால் பின்னால் தவறு எங்கே நடந்தது என்று யாராலும் தேட முடியாது.

கேள்வி: எந்த நேரத்தை எழுதுவது? மீட்டரில் 6:12 PM என்று இருக்கிறது, மாமா காலையில்தான் படம் எடுத்ததாகச் சொல்கிறார்.

இதுதான் எனக்கு எண்ணைவிடத் தலைவலி. நான் மூன்று நேரத்தையும் எழுதுவேன்: மீட்டர் 6:12 PM, படம் எடுத்தது 6:20 AM, செய்தி வந்தது 7:05 AM. உங்கள் விஷயத்தில் இரண்டு கதை சாத்தியம். ஒன்று, பேட்டரி மாற்றியபோது மீட்டர் கடிகாரத்தில் AM, PM தவறாக வைத்திருக்கிறார்கள், அப்படியானால் இது இன்று காலை வெறும் வயிற்று அளவு. இன்னொன்று, நேற்று மாலை பார்த்த அளவை இன்று காலை மெமரியில் திறந்து படம் எடுத்திருக்கிறார். திரையில் தேதியும் தெரிந்தால் பாருங்கள், நேற்றைய தேதி என்றால் இரண்டாவது கதைக்குத்தான் வலு. மூலையில் M அல்லது mem என்று ஏதாவது எரிகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் கிடைக்கவில்லையா, இப்போது மீட்டரைத் திறந்து அது காட்டும் நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் கோப்பிலிருந்து போய்விடும். IMG-20250312-WA0007.jpg என்ற பெயரில் இருக்கும் தேதியைப் படம் எடுத்த தேதி என்று நம்பாதீர்கள். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் நேரம் தங்கும்.

கேள்வி: எனக்குச் சாப்பிட்ட பிறகு 240. மாத்திரையைக் கூட்டலாமா?

அது உங்கள் டாக்டரிடம். அவரிடம் போகும்போது 240-ஐ மட்டும் கொண்டுபோகாமல், முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து எத்தனை நேரம் கழித்துப் பார்த்தீர்கள் என்றும் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பெரியம்மா நோட்டில் ஒரு நாள் 10 என்று இருக்கிறது. அப்படி ஒரு அளவு வருமா?

அனேகமாக LO. கோடுகளால் எழுதும்போது L-உம் O-வும் எண் மாதிரியே இருக்கும், பலர் 10 என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். நிறைய மீட்டர்களில் 20 mg/dL-க்குக் கீழே போனால் LO வரும். LO, HI இரண்டையும் எழுத்தாகவே எழுதுங்கள், 20 என்றோ 600 என்றோ எண்ணாக மாற்றாதீர்கள். அப்படி ஒரு படம் இன்று வந்தால் பதிவேடு அப்புறம், முதலில் அவருக்குப் போன் போடுங்கள். E-3 மாதிரி வருவது அளவே இல்லை, பிழைக் குறி. பெரும்பாலும் பட்டையிலோ மீட்டரிலோ கோளாறு, ஆனால் சில மீட்டர்களில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலும் E-3 வரலாம்.

கேள்வி அல்ல, ஆட்சேபம்: உங்கள் ஏழு கோட்டுக் கணக்கு என் மீட்டரில் வேலை செய்யவில்லை. இதில் 7-க்கு இடது பக்கத்திலும் மேலே ஒரு கோடு எரிகிறது.

நீங்கள் சொல்வது சரி, நான் சொல்ல விட்டுவிட்டேன். சில திரைகளில் 7-க்கு அந்தக் கொம்பு உண்டு, சிலவற்றில் 6-க்குத் தலைக்கோடும் 9-க்கு அடிக்கோடும் இருக்காது. கொம்பு வைத்த 7-உம் அடிக்கோடு இல்லாத 9-உம் ஒரே நடுக்கோட்டில்தான் வேறுபடும். அதனால் அதே மீட்டரின் தெளிவான பழைய படம் ஒன்றை எடுத்து, அதில் 6, 7, 9 எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சந்தேகப் படத்துக்கு வர வேண்டும். மீட்டரை ஆன் செய்தவுடன் எல்லாக் கோடும் ஒரு நொடி எரிகிற மாடல் என்றால் அதையும் கவனியுங்கள். அங்கேயே ஒரு கோடு எரியவில்லை என்றால் அந்தக் கோடு செத்துவிட்டது, எந்தக் கோடு என்பதைப் பொறுத்து அந்த மீட்டரின் 8 எல்லாம் இனி 0-வாகவோ 6-ஆகவோ 9-ஆகவோ தெரியலாம், எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும்.

கேள்வி: மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு முறை குத்திப் பார்த்தேன், 142, 131. எது சரி?

இரண்டையும் நேரத்தோடு எழுதுங்கள், இரண்டு படமும் தெளிவாக இருக்கிறது. எங்கள் கிளினிக்கிலேயே ஒரு டாக்டர் முதல் அளவை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் சராசரி பார்க்கிறார், இதில் அவர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் இரண்டு வரியாகவே விட்டுவிடுகிறேன்.