ஒரே போனில் பிள்ளைகளின் ரேடியோ நிகழ்ச்சி

கேள்வி: டர்பன் பக்கம் சனிக்கிழமைகளில் கூடும் எங்கள் சிறுவர் மன்றத்தில் பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து ஒரு சின்ன ரேடியோ நிகழ்ச்சி செய்ய ஆசை. கையில் ஒரு போன்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

நானும் சாட்ஸ்வொர்த்தில் இப்படி ஒரு மன்றத்தைத்தான் நடத்துகிறேன். என் முதல் யோசனை இதுதான்: எழுத உட்காராதீர்கள், முதலில் பிறர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் “அனைவருக்கும் வணக்கம்” என்று ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அப்படிச் செய்தால் நிகழ்ச்சி முழுக்க வாசிப்பாகவே போய்விடும். பதில்கள் முதலில் வரட்டும். அவற்றை இணைக்கும் பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறிமுகத்தைக் கடைசியில் பதிவு செய்தால் போதும்.

தலைப்பு ஒரே கேள்வியாகச் சுருங்க வேண்டும். ‘நம் உணவு’ என்பது நான்கு நிமிடத்துக்கு அடங்காது. நாங்கள் எடுத்துக்கொண்டது மடும்பி. தமிழ்நாட்டில் சேப்பங்கிழங்கு என்பார்களே, அதுதான். “உங்கள் வீட்டில் மடும்பியை எப்படிச் சமைப்பீர்கள்?” என்ற ஒரே கேள்வியோடு பிள்ளைகள் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனார்கள், அப்புறம் ஒருத்தியின் ஆயா வீட்டுக்கும் போனார்கள். ‘பிடிக்குமா?’ என்று கேட்டால் ‘பிடிக்கும்’ என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். ‘எப்படி’ என்று கேட்டால் ஆயா புளி கரைப்பதிலிருந்து ஆரம்பிப்பார். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினால் அப்படியே விடுங்கள். ஆயாவைத் திருத்தமாகப் பேசச் சொன்னால் பேச்சே நின்றுவிடும்.

பத்துப் பேருக்கு ஒரு போன் என்பதால் வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் போனைப் பிடிப்பார், ஒருவர் சுற்றியுள்ள சத்தங்களைக் கவனிப்பார். நான் மிக முக்கியம் என்று நினைப்பது நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் பிள்ளையின் வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் எண், பேசியவர், முதல் சொல், கடைசிச் சொல், நல்ல பகுதி எந்த நிமிடத்தில் வந்தது என்று அந்தப் பிள்ளை குறித்துக்கொள்ளும். போனில் பதிவுகள் எல்லாம் தேதியும் எண்ணுமாகத்தான் வரிசையில் கிடக்கும். அந்த நோட்டு இல்லாவிட்டால் ஆயா புளியைப் பற்றிச் சொன்ன இடத்தைத் தேடுவதிலேயே ஒரு சனிக்கிழமை போய்விடும். ஒவ்வொரு பதிலையும் தனித்தனிப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஒரே பதிவில் தேடுவது கஷ்டம்.

போனை முதலில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவைப் பயன்படுத்தாதீர்கள், அது ஒலியை ரொம்பவே சுருக்கிவிடும். போனிலேயே இருக்கும் ரெக்கார்டர் போதும். பெரும்பாலான போன்களில் மைக் அடிப்பக்கம், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனையைப் பேசுகிறவரின் வாய்க்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாகப் பிடிக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘பொக்’ என்று கேட்கும். மெதுவாகப் பேசும் பிள்ளைக்குப் போனை இன்னும் கிட்டே கொண்டுபோங்கள், கத்துகிற பிள்ளைக்குத் தள்ளிப் பிடியுங்கள். ஒலியைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் குரலோடு பின்னால் இருக்கும் இரைச்சலும் சேர்ந்தே கூடும். பிடித்திருக்கும் விரல்கள் அசையக் கூடாது. அந்த உரசல் நிகழ்ச்சியில் பெரிதாகக் கேட்கும்.

ஒருவர் பதில் சொல்லும்போது கேட்கும் பிள்ளைகள் ‘ம்ம்’ போடாமல் தலையை மட்டும் ஆட்டப் பழக்குங்கள். அவர் முடித்த பிறகு மனதுக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில்தான் பலர் இன்னொன்றைச் சொல்வார்கள், பல நேரம் அதுவே நல்ல வரியாக இருக்கும். வெட்டி ஒட்டவும் அந்த மௌனம் இடம் கொடுக்கும்.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். மார்க்கெட்டில் கூவல், பிளாஸ்டிக் பை, கோழிக் கூண்டு. ஆயா வீட்டில் அடுப்பு, வாசலில் ஹடீடா பறவையின் கத்தல். நிகழ்ச்சிக்கு உயிர் கொடுப்பது இதுதான், ஒட்டு வேலைக்கும் இது வேண்டும். மார்க்கெட் இரைச்சலோடு ஒருவர் பேசி முடித்த அடுத்த நொடியில் பின்னணி சட்டென்று அறுந்தால், கேட்கிறவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் உறுத்தும். அந்த ஒரு நிமிடத்தை அடியில் மெல்ல ஓடவிட்டால் ஒட்டு தெரியாது.

அங்கிருந்து கிளம்புவதற்கு முன் இயர்போனில் கேட்டுப் பாருங்கள். காற்று வீசியிருந்தால் ‘புர்’ரென்று அடித்துக்கொண்டே இருக்கும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. சுவர் மறைவுக்குப் போய் மறுபடி கேட்டு வாங்கிவிடுங்கள்.

இணைப்புப் பேச்சு அடுத்த வாரம். மன்றம் கூடும் அறையில் ஒரு தடவை கை தட்டுங்கள். சத்தம் திரும்பி ஒலித்தால் அந்த அறை ஆகாது. நாங்கள் நிறுத்திவைத்த காரில் பதிவு செய்கிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் இருக்கைத் துணி எதிரொலியை விழுங்கிவிடும். டர்பன் வெயிலில் ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே கதவைத் திறந்துவிட வேண்டும், அது மட்டும் கட்டாயம். பேசப் போகும் பிள்ளை எழுதியதைப் பார்த்து வாசித்தால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் ஒரே மாதிரி இறங்கும். அதைக் கேட்டதும் தாளை வாங்கிக்கொண்டு, “அடுத்து யார் பேசப் போறாங்க? எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். அப்போது வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய பதிவு.

எங்கள் நிகழ்ச்சி அமைந்த விதம் இது. மார்க்கெட் சத்தம் 10 விநாடி, அறிமுகம் 20, ஒரு பிள்ளையின் அம்மா பேசுவது 40, இணைப்பு 15, கிழங்கு விற்கும் அண்ணன் 45, அடுப்புச் சத்தம் 10, ஆயா 60, முடிவுரை 15, எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெயரைச் சொல்ல 25. மொத்தம் நான்கு நிமிடம். ஒவ்வொரு குரலும் ஒரு தடவையாவது வந்துவிடும். தொடக்கத்தில் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும். பிள்ளைகளே டிரம்மும் கைத்தட்டலுமாக ஒன்று செய்துகொள்ளட்டும்.

வெட்டுவதற்கு போனில் கிடைக்கும் எந்த இலவச ஆடியோ எடிட்டரும் போதும். ஒருவர் பேசத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சை அவர் பேச்சோடு சேர்த்தே வையுங்கள். அதை வெட்டினால் குரல் திடீரென்று குதித்து வரும். முடிந்ததும் சமையலறையில் குறைந்த சத்தத்தில் போட்டுக் கேளுங்கள். யாருடைய குரல் அங்கே காணாமல் போகிறதோ அந்தத் துண்டின் ஒலியை மட்டும் கூட்ட வேண்டும்.

வெளியே அனுப்புமுன் பெற்றோரின் எழுத்து அனுமதியை வாங்கிவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்கிறது. நிகழ்ச்சியில் முதல் பெயர் மட்டும் போதும், பள்ளியின் பெயர் வேண்டாம். சமுதாய வானொலிக்கோ குடும்பக் குழுவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக இணையுங்கள், பதிவு செய்த தரத்திலேயே போய்ச் சேரும்.