விரிசல் விட்ட வாஷ் பேசின்: கடைக்கு என்ன எழுதுவது?

கேள்வி: 6,400 ரூபாய்க்கு வாஷ் பேசின் வாங்கினேன். கடை வண்டியிலேயே வந்து இறங்கியது. பெட்டியைப் பிரிக்காமல் செலானில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் பிளம்பர் பிரித்துப் பார்த்தால் பின்மூலையில் விரிசல். "கையெழுத்துப் போட்டாச்சு, மாத்தித் தர முடியாது" என்கிறார்கள். எப்படிப் புகார் எழுதுவது?

பதில்: பேசினை எக்காரணம் கொண்டும் பொருத்திவிடாதீர்கள். பொருத்திய பிறகு, "உங்க பிளம்பர் நட்டை இறுக்கினதுல விட்டிருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் மறுப்பது கஷ்டம். தண்ணீர் வடியும் ஓட்டையில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கை அதிகமாக இறுக்கினால் விரிசல் பெரும்பாலும் அந்த ஓட்டையைச் சுற்றித்தான் கிளம்பும். உங்களுக்கோ பின்மூலையில் இருக்கிறது. வழியில் எங்கோ இடித்திருக்க வேண்டும். அதனால் விரிசலையும், நட்டுத் தடமோ சிலிகானோ இல்லாத ஓட்டையையும் கிட்டத்தில் படம் எடுங்கள். அட்டைப்பெட்டியின் அதே மூலை நசுங்கியிருந்தால் அந்தப் படம்தான் உங்கள் முக்கியச் சாட்சி. பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்!

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். செலானில் போட்டது பெட்டி வந்து சேர்ந்ததற்கான கையெழுத்து. பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 41. ஆனால் வாரக்கணக்கில் சும்மா இருந்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். இன்றே எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கோபத்தைக் கொட்ட வேண்டாம்.

"தங்கள் கடையில் (தேதி) அன்று, பில் எண் (…)-இன்படி ரூ. 6,400 செலுத்தி வாங்கிய வாஷ் பேசின், தங்கள் வாகனத்தில் (தேதி) அன்று வந்து சேர்ந்தது. மறுநாள் பெட்டியைப் பிரித்தபோது பின்மூலையில் விரிசல் காணப்பட்டது. பேசின் இதுவரை பொருத்தப்படவில்லை. அன்றே தொலைபேசியில் தெரிவித்தும் மாற்றித்தர மறுத்துவிட்டீர்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேறு பேசின் தரவும், அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரவும். பழைய பேசினைத் தங்கள் செலவில் எடுத்துச் செல்லவும்."

பில் நகல், செலான் நகல், படங்களை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அப்புறம் போனில் பேசினால், பேசியதைச் சுருக்கமாக ஒரு மெசேஜாக அனுப்பிவிடுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருக்கும். பயப்பட வேண்டாம். திரும்பப் பெறுவதற்கான கால அளவு பில்லில் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள் என்று கடிதத்தில் சொன்ன அதே பிரிவு 2(47) சொல்கிறது. அந்த வாசகத்தைக் கால அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லையா, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.