மறு மூடி ஏன் புளிக்கிறது?

"அக்கா, ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே வாங்கும் தேங்காயை ஒழுங்காக உடைக்கவே வரவில்லை. ஊரிலிருந்து துருவியும் கொண்டுவரவில்லை. ஒரு மூடியைச் சமைத்துவிட்டு மறு மூடியை ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்றாம் நாளே பிசுபிசுத்துப் புளித்துவிடுகிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

தம்பி, உங்கள் மறு மூடி பெரும்பாலும் உடைத்த அன்றே கெடத் தொடங்கியிருக்கும். தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, மீதியில் கொஞ்சம் சர்க்கரை. ஓடு மூடியிருக்கும் வரை உள்ளே கிருமி புகுவது அரிது. உடைக்கும்போது நாரிலும் கையிலும் கத்தியிலும் இருப்பவை வெட்டு முகத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அதே நேரத்தில் சர்க்கரை கலந்த தேங்காய் நீரும் அங்கே வழிந்து நிற்கிறது. அந்த ஈரத்தோடு ஒரு நெகிழிப் பைக்குள் போட்டு முடிச்சிட்டால், அந்தக் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. ஃபிரிட்ஜின் குளிர் அந்த வேலையைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஆகவே உடைப்பதும் துடைப்பதும்தான் முக்கியம், வைக்கும் இடம் அதற்கு அடுத்தது.

வாங்கும்போதே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். காதருகே வைத்து ஆட்டினால் தண்ணீர் குலுங்க வேண்டும். குலுங்காத காயில் எங்கோ விரிசல் விழுந்து நீர் வற்றியிருக்கலாம். அதே விரிசல் வழியாகப் பூஞ்சை உள்ளே போயிருக்கவும் கூடும். மூன்று கண்களும் காய்ந்திருக்க வேண்டும், ஈரமோ வெண்பூஞ்சையோ கூடாது. எளிதாக உடைவதற்கென்று நடுவில் ஓட்டின் மேல் கோடாக அறுத்து, மேலே நெகிழி சுற்றி இங்குள்ள பெரிய கடைகளில் விற்கிறார்கள். நான் அவற்றை வாங்குவதில்லை, ஏனென்றால் அறுத்த இடத்தில் ஓடு மெலிந்துவிடுகிறது, நெகிழிக்குள் ஈரமும் தங்குகிறது. இலங்கைத் தமிழர் கடையிலும் ஆசியக் கடையிலும் குடுமியோடு கிடைக்கும் காயே நல்லது. அந்தக் குடுமி கண்களுக்குக் கவசம். உடைக்கும் நேரம் வரை அதைப் பிய்க்காதீர்கள்.

இதில் அச்சுறுத்துவது என் நோக்கமில்லை, ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நார் முழுவதும் சீவி, குளிரில் வைக்கச் சொல்லி விற்ற குடிக்கும் தேங்காய் ஒன்றை, டென்மார்க்கில் ஒருவர் ஒரு மாதம் சமையலறை மேசையிலேயே வைத்திருந்துவிட்டு, அதன் நீரை உறிஞ்சிப் பார்த்தார். சுவை மோசமாக இருந்ததால் கொஞ்சம் மட்டுமே குடித்தவர், ஏறத்தாழ ஒரு நாளில் இறந்துபோனார். உள்ளே வளர்ந்த பூஞ்சையின் நச்சு காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். சீவிய காயை வாங்கினால் அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள். நீர் நாக்கில் பட்டவுடன் ஒவ்வாததாகத் தோன்றினால் துப்பிவிட்டுக் காயோடு எறியுங்கள்.

இனி உடைப்பது. ஊரில் நாம் நேராக உடைத்து, வழியும் நீரைச் சொம்பில் பிடிப்போம். இங்கே நான் நீரை முதலில் வடித்துவிடுகிறேன். மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெத்தென்றிருக்கும். முளை வெளியே வருவது அந்த வழியாகத்தான். சுத்தமான ஸ்குரூ டிரைவரை அதில் வைத்து அழுத்தினால் புகுந்துவிடும். காயைக் குவளையின் மேல் கவிழ்த்து, நீர் முழுவதும் இறங்கிய பிறகு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனித்தால் காய் நல்ல காய். புளித்தாலோ சோப்புச் சுவை வந்தாலோ மேற்கொண்டு உடைக்கும் வேலையே இல்லை.

காலியான காயைக் கண்கள் கட்டைவிரல் பக்கம் இருக்கும்படி இடக்கையில் பிடித்து, கண்களுக்கும் அடிநுனிக்கும் நடுவே இடுப்பில் ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிறு சுத்தியலாலோ கனமான வெட்டுக்கத்தியின் முதுகாலோ அந்தக் கோட்டின் மேலேயே தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் காயைச் சிறிது உருட்ட வேண்டும். பலம் வேண்டாம், ஒரே கோட்டில் விழுவதுதான் வேண்டும். முதலில் ஓசை கணீரென்று வரும். ஒன்றிரண்டு சுற்று முடிவதற்குள் ஏதோ ஓரிடத்தில் ஓசை பொத்தென்று மாறும். அங்கே விரிசல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு விரிசலின் இரு முனையிலும் தட்டிக்கொண்டே போனால் இரண்டு மூடிகளாகப் பிரியும். மெல்லிய சமையல் கத்தியின் வாய்ப்பக்கத்தால் கொத்தவே கூடாது, வாய் உடைந்து தெறிக்கும். தரையில் அடிப்பதும் வேண்டாம்; அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமைதி காக்க வேண்டிய நாள் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். என் கீழ்வீட்டு மூதாட்டி ஒரு ஞாயிறு காலையில், மாடியில் என்ன மரவேலை நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

உடைத்தவுடன் உட்புறத்தைச் சுத்தமான காகிதத் துண்டால் ஒற்றி, ஒட்டியிருக்கும் நாரையும் ஓட்டுத் துகளையும் துடைத்துவிடுங்கள். தண்ணீரில் கழுவினால் மறுபடியும் காயத் துடைக்க வேண்டும். அம்மா சொல்லித்தந்த பழைய வழக்கம் ஒன்று இங்கும் பொய்க்கவில்லை: கண்ணுள்ள மூடியை முதலில் சமைத்துவிட வேண்டும். மெல்லிய கண்ணும் அதைச் சுற்றிய நாரும் அந்தப் பக்கம் இருப்பதால் அதுதான் முதலில் கெடும். அடிமூடியின் வெட்டு முகத்தில் ஒரு சிட்டிகைத் தூளுப்பைத் தடவி, மூடிபோட்ட டப்பாவில் ஒரு காய்ந்த காகிதத் துண்டை விரித்து, அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். காகிதம் ஈரமானால் மாற்றுங்கள். உப்பு மேற்பரப்பைச் சிறிது காக்கிறது. மஞ்சள் தடவுவார்களே என்று கேட்பீர்கள். அதனால் டப்பா மஞ்சளானதைத் தவிர வேறு பயனை நான் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டிய தட்டில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடேறும்.

ஆனால் வாரத்தில் இரண்டு முறை மட்டும் சமைப்பவருக்கு மூடியாக வைப்பதே வீண். உடைத்த அன்றே துருவி உறைய வைப்பதுதான் சரி. நான் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று காய் உடைக்கிறேன். அரைக் கிலோ எடையுள்ள ஒரு காயில் ஏறத்தாழ இருநூறு கிராம் வெள்ளைத் துருவல் தேறும். மேடையில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் அடியுள்ள கைப்பிடித் துருவியை ஊருக்குப் போகும்போது வாங்கிவாருங்கள். இங்குள்ள மேடைகள் பலவற்றில் மரக்கோடு போல மேடுபள்ளம் இருப்பதால் அது பிடிக்காமல் நழுவும். வழுவழுப்பான பீங்கான் தட்டையோ கண்ணாடிப் பலகையையோ ஈரத்துணி மேல் வைத்து அதில் ஒட்டுங்கள். மூடியை முதலில் விளிம்பில் சாய்த்துச் சுற்றிலும் துருவிக்கொண்டு, பிறகு நடுவுக்கு வர வேண்டும். நடுவை முதலில் குடைந்தால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும். பழுப்புத் தோல் தெரியத் தொடங்கியதும் டப்பாவை மாற்றி, மிச்சத்தைத் தனியாகச் சுரண்டுங்கள். அந்தப் பழுப்புத் துருவல் சட்னியின் நிறத்தைக் கெடுக்கும், தீயலுக்கு வறுக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. நாகர்கோவில்காரிக்கு அது வீணாகவே போகாது.

துருவி வரும்வரை உங்களுக்கு மிக்ஸி போதும். மூடிகளை ஓட்டோடு இரவு முழுவதும் ஃபிரீசரில் வைத்து, காலையில் பத்து நிமிடம் வெளியே விட்டு, ஓட்டின் மேல் தட்டினால் பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்றுவரும். ஓவனில் சூடாக்கியும் எடுக்கலாம், ஆனால் சட்னியில் வெந்த வாடை அடிக்கும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. உருளைக்கிழங்குத் தோல்சீவியால் பழுப்பைச் சீவி, விரல்நக அளவுத் துண்டுகளாக்கி, காய்ந்த ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், விட்டு விட்டு நான்கைந்து முறை சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி எண்ணெய் கசிந்து உருண்டை பிடிக்கும்.

துருவலை நூறு நூறு கிராமாக ஜிப் பைகளில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, அப்பளம்போலத் தட்டையாகப் பரப்பி, மேலே தேதி எழுதி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் விரைவில் உறையும், வேண்டிய அளவை ஒடித்து எடுக்கவும் வரும். மைனஸ் 18 டிகிரியில் மூன்று மாதம் சுவை குறையாது. அதற்கு மேல் ஃபிரீசர் வாடை ஏறும். எடுத்ததில் மிஞ்சியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மேடையில் காலை முழுவதும் இளக விடுவதும் தவறு, அங்கேதான் புளிப்பு மறுபடி ஆரம்பிக்கும். பொரியலுக்கு உறைந்தபடியே வாணலியில் உதிர்க்கலாம். சட்னிக்கு இரண்டு கரண்டி வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு அரையுங்கள்.

கெட்டதைக் கண்டுபிடிக்க மூக்கை மட்டும் நம்பாதீர்கள். வெட்டு முகத்தில் விரலைத் தேய்த்தால் புதிய காய் எண்ணெய்ப் பசையாக மட்டும் இருக்கும். கெடத் தொடங்கியது வழுக்கும், விரலை எடுக்கும்போது கோழை போல இழுக்கும். ரோஜா நிறமோ மஞ்சள் புள்ளியோ தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். புளிப்பே இல்லாமல் சோப்பைக் கடித்ததுபோல் காறினால் அது கொழுப்பு கெட்டதன் அடையாளம். பழைய காயில் உடைப்பதற்கு முன்பே அது நடந்திருக்கும், உங்கள் ஃபிரிட்ஜ் காரணமில்லை. நான் வந்த முதல் ஆண்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய நான்கு நாள் மூடியை அரைத்து அவியல் செய்தேன். அதிகமாகப் புளித்ததும் தயிர்தான் காரணம் என்று எண்ணி அடுத்த வாரம் வேறு தயிர் வாங்கினேன், அதற்கடுத்த வாரம் தயிரே விடாமல் செய்தேன். அப்போதும் புளித்தது. பிறகுதான் குப்பையில் கிடந்த ஓட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன்.