ஹாலோ பிளாக் சுவரில் வாஷ்பேசின்: போல்ட்டைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: சுவரில் மாட்டிய வாஷ்பேசின் ஆறே மாதத்தில் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. நட்டைத் திருகினால் போல்ட்டும் சேர்ந்து சும்மா சுற்றுகிறது. வெள்ளை சிமென்ட் அடைத்து மறுபடி மாட்டினார்கள்; இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. ஹாலோ பிளாக் சுவர். இன்னும் பெரிய போல்ட் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்காது. போல்ட் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது; அதைப் பிடித்திருந்த சுவர்தான் உடைந்துவிட்டது. பெரிய போல்ட்டுக்குப் பெரிய துளை வேண்டும். அதைப் போட்டால் மிச்சமிருக்கும் பிடிமானமும் போய்விடும்.

கடப்பாரையால் பாறையை நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். பேசினின் பின்பக்கக் கீழ்விளிம்பு சுவரில் ஊன்றி நிற்கிறது. அதற்குச் சுமார் 11 செ.மீ. மேலே இரண்டு போல்ட்டுகள். முன்விளிம்போ சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கிறது. முகம் கழுவும்போது ஒருவர் அந்த விளிம்பில் 40 கிலோ அளவுக்குக் கையூன்றுகிறார் என்று வையுங்கள். தண்ணீரோடு பேசினின் எடை 20 கிலோ; அது சுவரிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இறங்குவதாகக் கொள்ளலாம். 40-ஐ 45-ஆலும் 20-ஐ 20-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 2200. அதை 11-ஆல் வகுத்தால் 200. அதாவது ஒவ்வொரு போல்ட்டையும் சுவரிலிருந்து பிடுங்கி எடுக்க 100 கிலோ விசை இழுக்கிறது. வீட்டில் யாரேனும் தடுமாறி முழு எடையோடு பிடித்தால் இது இரண்டு மடங்கைக்கூடத் தாண்டலாம்.

இந்த இழுப்பைத் தாங்க சுவருக்குள் என்ன இருக்கிறது? டைலும் அதை ஒட்டிய கலவையும் சுமார் 15 மி.மீ. அதன் பின்னால் பூச்சு இன்னொரு 15. அதற்குப் பிறகுதான் பிளாக் தொடங்குகிறது. அதுவும் 30 மி.மீ. கனமுள்ள ஓடுதான், அப்பால் வெற்றிடம். 50 மி.மீ. நீள பிளக்கை அடித்தால் அதில் 30 மி.மீ. டைலிலும் பூச்சிலும் போய்விடுகிறது. பிளாக்கைப் பிடிப்பது 20 மி.மீ. மட்டுமே. திருகத் திருக பிளக் விரிந்து, அந்த மெல்லிய ஓடு விண்டுவிடுகிறது. வெள்ளை சிமென்ட் வைத்தால் பாதி உள்ளே விழுந்துவிடும், மீதி ஒட்ட இடமில்லாமல் போல்ட்டோடு கழன்று வரும். மரக்கட்டை அடிக்கும் வழக்கமும் உண்டு. ஈரத்தில் ஊறி, காய்ந்து சுருங்கியதும் அதுவும் ஆடத் தொடங்கும்.

முதலில் பேசினைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். ஒரு கம்பியின் நுனியை 5 மி.மீ. அளவுக்கு வளைத்துத் துளைக்குள் விடுங்கள். கொக்கி ஓட்டின் பின்புறம் மாட்டும்வரை மெல்ல இழுத்து, டைலின் முகப்புக்கு நேராகக் கம்பியில் விரல்நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுங்கள். டைல், பூச்சு, ஓடு மூன்றின் மொத்தக் கனம் அந்தக் கம்பியில் தெரிந்துவிடும். கொக்கியைச் சுற்றும்போது ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தால் ஓடு விண்டிருக்கிறது.

உதிரவில்லை, துளையும் 20 மி.மீ.-க்குள் இருக்கிறது என்றால் கெமிக்கல் ஆங்கர் போதும். துளை அளவுக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் வலைக்குழாய், 10 மி.மீ. துருப்பிடிக்காத மரையாணிக் கம்பி, பசைக்குழல் ஆகியவை வேண்டும். துளையைச் சீராக்க வேண்டியிருந்தால் டிரில் இயந்திரத்தின் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு, சுற்றவிட்டு மட்டும் துளையிடுங்கள். தட்டித் துளைத்தால் ஓட்டின் உட்புறம் கிண்ணம்போல் பெயர்ந்து விழும், அது வெளியிலிருந்து தெரியாது. பிரஷ்ஷால் தேய்த்துத் தூசியை ஊதி எடுங்கள். குழலிலிருந்து முதலில் வரும் பசையில் இரண்டு பாகமும் சரியாகக் கலந்திருக்காது. நிறம் ஒரே சீராக வரும்வரை ஒரு காகிதத்தில் பிதுக்கி எறியுங்கள். பிறகு வலைக்குழாயைத் துளையில் செருகி, அதன் அடியிலிருந்து தொடங்கி வாய்வரை பசையை நிரப்புங்கள். கம்பியை மெதுவாகத் திருகியபடி உள்ளே தள்ளும்போது பசை வலைக்கண்கள் வழியே பிதுங்கி, ஓட்டின் பின்னால் காளான்போல் பரவி இறுகும். அந்தக் காளான்தான் இழுப்பைத் தாங்கப்போகிறது. இரண்டு கம்பிகளுக்கும் ரசமட்டம் பார்த்து அப்படியே விட்டுவிடுங்கள். குழலில் போட்டிருக்கும் நேரம் ஒரு மணிக்குள்ளாகவே இருக்கும். குளியலறையில் நான் மறுநாள்வரை தொடமாட்டேன்.

உங்கள் துளைகள் இரண்டு முறை பெயர்ந்தவை. அதனால் ஓடு விண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் பசையை நம்பாதீர்கள், வெற்றிடத்தையே அடைத்துவிடுங்கள். பேசின் மறைக்கும் இடத்தில் டைலையும் பிளாக்கின் ஓட்டுப் பகுதியையும் கை நுழையும் அளவுக்கு வெட்டி எடுங்கள். பிளாக்கின் குழி பெரும்பாலும் கீழ்வரை திறந்திருக்கும். ஆகவே முதலில் சாக்கைச் சுருட்டித் துளைக்கு 20 செ.மீ. கீழே திணியுங்கள். உட்புறத்தை நனைத்து, ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், இரண்டு பங்கு சிறு ஜல்லி கலந்த கான்கிரீட்டைக் குத்திக் குத்தி நிரப்புங்கள். ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருந்த பிறகு துளையிடலாம். இப்போது அது திடமான சுவர், வலைக்குழாய் தேவையில்லை. 12 மி.மீ. துளையில், கான்கிரீட்டுக்குள் 9 செ.மீ. ஆழம் போய் அதே கம்பியைப் பசையில் ஊன்றுங்கள். ஒரு வாரம் பேசின் இல்லாமல் இருப்பது சிரமம்தான். ஆனாலும் மறுபடியும் அதே துளையில் சிமென்ட் அடைக்க நான் சொல்லமாட்டேன்.

செங்கல் சுவர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. துளையிடும்போது சிவப்புத் தூள் வந்துகொண்டே இருந்தால் நல்லது. வழியில் சாம்பல் தூளாக மாறினால் கலவை மூட்டில் இறங்குகிறீர்கள், சற்றே நகர்த்துங்கள். டைலும் பூச்சும் போக, செங்கல்லுக்குள் 6 செ.மீ. நைலான் பிளக் இருந்தால் பேசின் நிற்கும். ஜிப்சம் போர்டில் பேசினைத் தொங்கவிடவே கூடாது. போர்டைத் திறந்து, தரையில் ஊன்றும் இரும்புச் சட்டத்தை உள்ளே பொருத்தி அதில் மாட்டுங்கள். கனமான டவல் ராடுக்கும் போர்டுக்குப் பின்னால் 18 மி.மீ. பிளைவுட் வைப்பதே சரி. வழுக்கும்போது கை முதலில் அதைத்தான் தேடும்.

பேசினை மாட்டும்போது பீங்கானுக்கும் நட்டுக்கும் இடையில் பிளாஸ்டிக் வாஷர் இருக்கட்டும். கையால் இறுகத் திருகியபின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். அதற்கு மேல் போனால் பீங்கான் கீறும். சிலிகான் பூசுமுன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பேசினின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே செருகுங்கள். முன்விளிம்பில் இரு கைகளாலும் மெல்ல மெல்ல எடையைக் கூட்டுங்கள், அருகில் இன்னொருவர் காகிதத்தை லேசாக இழுத்துப் பார்க்கட்டும். காகிதம் அசையாமல் இருந்தால் சிலிகான் பூசலாம். உருவிக்கொண்டு வந்தால் பேசின் சுவரைவிட்டு விலகுகிறது. உடனே கழற்றி, எந்தக் கம்பி நகர்ந்தது என்று பாருங்கள்.