23 அணிகள், 22 போட்டிகள்: நொக் அவுட் அட்டவணை பற்றிய கேள்வி பதில்

கல்லடி வாசகர்: எங்கள் கழகம் நடத்தும் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு 23 அணிகள் பதிந்துள்ளன. மொத்தம் எத்தனை போட்டிகள் வரும்? ‘பை’ யாருக்கு, எத்தனை?

மொத்தம் 22 போட்டிகள். ஒரு கிண்ணத்துக்காக 23 அணிகள் வருகின்றன என்றால் 22 அணிகள் தோற்று வெளியேறியாக வேண்டும். ஒரு போட்டி ஒரே ஓர் அணியைத்தான் வெளியேற்றும், வெளியேறிய அணி திரும்பி வராது. ‘பை’ பெற்ற அணி விளையாடாமலே அடுத்த சுற்றுக்குப் போவதால் அதனால் யாரும் வெளியேறுவதில்லை. ஆகவே அது இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

எத்தனை ‘பை’ என்பது வேறு கணக்கு. 2, 4, 8, 16, 32 என இரட்டித்துப் போகும் எண்களில் 23-க்கு அடுத்தது 32. குறையும் 9 இடங்களே முதற்சுற்றின் ‘பை’கள். மீதி 14 அணிகளும் 7 போட்டிகளில் மோதும். வென்ற 7 அணிகளும் காத்திருந்த 9 அணிகளும் சேர்ந்து 16 ஆகும். அதன் பின்னர் 8, 4, 2, 1 எனப் போட்டிகள் குறைந்து செல்லும். கூட்டிப் பாருங்கள்: 7, 8, 4, 2, 1. அட்டவணை வரைந்த பின் இந்தக் கூட்டுத்தொகை 22 வரவில்லையென்றால், எங்கோ ஓர் அணி விடுபட்டிருக்கிறது, அல்லது ஒரு ‘பை’ போட்டியாக எண்ணப்பட்டிருக்கிறது.

யாருக்கு என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. சென்ற ஆண்டு முன்னிலை பெற்ற அணிகளுக்கே கொடுக்க வேண்டும் என்பார் சிலர். அணித் தலைவர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்குவதே சண்டைக்கு இடம் வைக்காது என்பது என் எண்ணம். நடத்தும் கழகத்தின் சொந்த அணியை அந்தக் குலுக்கலில் சேர்க்காமல், முதற்சுற்றிலேயே ஆடவிடுவது இன்னும் நல்லது.

களுவாஞ்சிக்குடி வாசகர்: 32 பெட்டி அட்டவணையில் எப்போதும் 31 போட்டிகள் அல்லவா? 22 என்பது எப்படிச் சரியாகும்?

பெட்டிகளெல்லாம் நிரம்பியிருந்தால் நீங்கள் சொல்வது சரிதான். இங்கே 9 பெட்டிகள் வெறுமை. வெற்றுப் பெட்டிக்கு எதிரே எழுதப்பட்ட அணி யாருடனும் ஆடுவதில்லை. 31-இலிருந்து அந்த 9-ஐக் கழித்தால் அதே 22 வந்துவிடுகிறது.

கல்முனை, ஆசிரியை: பாடசாலையில் நாங்கள் ஒற்றை எண் வரும் சுற்றில் மட்டும் ஒரு ‘பை’ கொடுப்போம். அது பிழையா?

பிழையில்லை ரீச்சர், போட்டிகளின் எண்ணிக்கையும் மாறாது. 23 அணிகளில் 22 அணிகள் ஆடி ஒன்று காத்திருக்க 12 ஆகும். பின்னர் 6, பின்னர் 3. அந்த மூன்றில் இரண்டு ஆட, மூன்றாவது அணி நேரே இறுதிப்போட்டிக்குப் போய்விடும். போட்டிகள் 11, 6, 3, 1, 1, கூட்டினால் 22. சுற்றுகளும் அதே ஐந்துதான்.

ஆனால் இரண்டு ‘பை’ மட்டுமே செலவானாலும், அதில் ஒன்று அரையிறுதியில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். மற்ற இரு அணிகளும் வெயிலில் களைத்து மோதும்போது, ஓர் அணி நிழலில் அமர்ந்தபடியே இறுதிக்குத் தகுதி பெறும். முதற்சுற்றிலேயே 9 ‘பை’களையும் முடித்துவிட்டால் இரண்டாம் சுற்றிலிருந்து எல்லா அணிகளுக்கும் ஒரே சுமை. நான் அதைத்தான் தேர்வேன்.

ஏறாவூர் வாசகர்: 23 அணிகளுக்கு 253 போட்டிகள் வரும் என்று நண்பர் அடித்துச் சொல்கிறாரே?

அவர் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் ஒரு முறை ஆடும் லீக் முறையைக் கணக்கிட்டிருக்கிறார். அதற்கு 253 சரிதான். ஆனால் கேள்வி அதுவல்ல.

அக்கரைப்பற்று வாசகர்: எங்கள் ஊரில் 11 அணிகள் பதிந்தன, ஆனால் 8 போட்டிகள்தான் நடந்தன. இரண்டு அணிகள் வரவேயில்லை. ஏற்பாட்டாளர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்று பேச்சு.

அந்த எண்ணிக்கையில் குறை சொல்ல எதுவுமில்லை. மைதானத்துக்கு வந்தவை 9 அணிகள். ஆகவே 8 போட்டிகள். வராத அணிக்கு எதிரே இருந்தவர்கள் ஆடாமல் முன்னேறியிருப்பார்கள். வராத இரண்டு அணிகளும் ஒன்றுக்கொன்று எதிராகவே குலுக்கலில் விழுந்திருந்தாலும் 8-தான். அவர்களில் யாரையும் சந்திக்க இருந்த அடுத்த சுற்று அணி ஆடாமலே மேலே போகும். வேறு புகார் இருந்தால் தனியாகக் கேட்கலாம், இந்தக் கணக்கை வைத்து அல்ல.

கல்லடி வாசகர், மீண்டும்: நன்றி ஐயா. மூன்றாமிடத்துக்கும் போட்டி வைக்கிறோம். ஒரு போட்டிக்கு 40 நிமிடம் என்றால் ஒரே நாளில் முடியுமா?

அரையிறுதியில் தோற்ற இரு அணிகளும் ஏற்கெனவே கிண்ணத்துக்கான ஓட்டத்திலிருந்து விலகிவிட்டவை என்பதால் அந்தப் போட்டி புதிதாக யாரையும் வெளியேற்றாது. அதைத் தனியாகக் கூட்டி 23 என வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மைதானத்தில் 23 போட்டிகளுக்கு 920 நிமிடங்கள், அதாவது 15 மணித்தியாலத்துக்கும் மேல். ஒரு பகலில் முடியாது. மழையால் முடிவின்றி நின்ற போட்டியை மீண்டும் ஆடவைத்தால் அதுவும் கூடும், ஏனெனில் முதல் தடவை யாரும் வெளியேறவில்லை. முதற்சுற்றையும் இரண்டாம் சுற்றையும் சேர்த்தால் 15 போட்டிகள், 10 மணித்தியாலம். அவற்றைச் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கிவிட்டு, மீதி 8 போட்டிகளை ஞாயிறுக்கு வையுங்கள்.